கொக்கின் சிறகடிப்பை எண்ண 60 போதுமா, 240 வேண்டுமா, 960 வேண்டுமா?

கோபியில் இருந்து அறிவியல் ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். பள்ளிப் பிள்ளைகளை வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரு பறவை வினாடிக்கு எத்தனை முறை சிறகடிக்கிறது என்று போனில் ஸ்லோ மோஷன் எடுத்துக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வினாடிக்கு 60, 240, 960 ஃபிரேம், அதாவது அத்தனை தனிப் படங்கள், எடுக்கும் தேர்வுகள் போன்களில் இருக்கின்றன. "ஏனுங்க, புதுப் போன்ல 960 இருக்குதுங்க. அதுல எடுத்தாத்தானுங்களே துல்லியம்?" என்றார். இதே கேள்வியைத் திருப்பூரில் நஞ்சராயன் குளத்துக்குப் போகிறவர்களும் சிங்காநல்லூர் குளத்துக்குப் போகிறவர்களும் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். மூன்று தேர்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆசிரியர் நினைத்ததற்கு நேர்மாறான விடை வருகிறது. கொக்குக்கு 960 மிக மோசமான தேர்வு.

கணக்கு சின்னதுதான்:

```
சிறகடிப்பு (வினாடிக்கு) = பதிவு வேகம் × அடிகள் ÷ ஃபிரேம்கள்
```

அடி என்றால் சிறகு ஒரு முறை கீழே போய் மேலே வரும் முழுச் சிறகடிப்பு. பதிவு வேகம் என்றால் கேமரா உண்மையில் வினாடிக்கு எத்தனை ஃபிரேம் எடுத்தது என்பது. வீடியோ மெதுவாக ஓடும்போது திரையில் எத்தனை ஃபிரேம் போகிறது என்பது இங்கே வராது.

## எதை வைத்து ஒப்பிடுவது

மொத்தம் எத்தனை ஃபிரேம் எண்ணினோம். தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு ஃபிரேம் தவறிப்போவது எல்லாருக்கும் நடக்கும். 14 ஃபிரேமில் ஒன்று தவறினால் விடை ஏழு சதவீதம் மாறும். 140 ஃபிரேமில் ஒன்று தவறினால் ஒரு சதவீதம்கூட மாறாது. ஆக, பிழையைத் தீர்மானிப்பது எண்ணிய ஃபிரேம்களின் மொத்தம். அந்த மொத்தம் வேகமான கேமராவில் ஓரிரு அடியை எண்ணியும் வரலாம், மெதுவான கேமராவில் பல அடிகளை எண்ணியும் வரலாம்.

ஒரு அடிக்கு எத்தனை ஃபிரேம். இரண்டுக்குக் கீழே போனால் விடை பொய்யாகிவிடும். இரண்டுக்கு மேலே இருந்தாலும் ஐந்தாறாவது இல்லாவிட்டால் சிறகு மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது.

தொடர்ந்து எவ்வளவு நேரம் பதிவாகிறது. பத்து அடி எண்ண வேண்டுமென்றால் பத்து அடி வீடியோவுக்குள் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் 960 சறுக்குகிறது.

வெளிச்சம். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கேமராவுக்கு ஒவ்வொரு படத்துக்கும் அதிகபட்சம் 1/240 வினாடிதான் ஒளி கிடைக்கும். நடுப்பகலில் அது தாராளம். கொக்குகள் கூடு திரும்பும் சாயங்காலத்தில் பற்றாது.

பதிவு வேகத்தை நம்பலாமா. திரையில் 240 என்று போட்டிருப்பதும் கோப்புக்குள் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

| | 60 | 240 | 960 |
|---|---|---|---|
| உண்ணிக்கொக்கு, ஒரு அடிக்கு | 14 ஃபிரேம் | 56 ஃபிரேம் | 225 ஃபிரேம் |
| தேன்சிட்டு மிதக்கும்போது, ஒரு அடிக்கு | 2-க்கும் குறைவு | 7 ஃபிரேம் | 28 ஃபிரேம் |
| தொடர்ந்து பதிவாகும் நேரம் | வேண்டிய அளவு | வேண்டிய அளவு | பல போன்களில் 0.2 முதல் 0.4 வினாடி |
| சாயங்கால வெளிச்சம் | தாங்கும் | தடுமாறும் | பயனில்லை |
| பதிவு வேகம் | பெரும்பாலும் நேர்மை | சோதிக்க வேண்டும் | படங்களையே சந்தேகிக்க வேண்டும் |

கொக்கின் எண்ணிக்கையும் தேன்சிட்டின் எண்ணிக்கையும் நான் எடுத்த வீடியோக்களில் கிடைத்தவை. பறவை எழும்புகிறதா, சமமாகப் பறக்கிறதா, எதிர்க்காற்றா என்பதைப் பொறுத்து இவை மாறும்.

## 240: ஒரு உண்ணிக்கொக்கை முழுதாக எண்ணிப் பார்ப்போம்

டிராக்டர் ஓடிய காட்டிலிருந்து எழுந்து தென்னந்தோப்பு ஓரமாகச் சமமாகப் பறந்த உண்ணிக்கொக்கு. காலை ஒன்பது மணி, நல்ல வெயில், பக்கவாட்டில் இருந்து எடுத்தது.

முதலில் சிறகடிப்பின் எந்தக் கட்டத்தைக் குறியாக வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாரும் சிறகு உச்சியில் இருக்கும் ஃபிரேமைத்தான் தேடுவார்கள். அது நல்ல குறி இல்லை. உச்சியில் சிறகு திரும்புவதற்காக வேகம் குறைந்து கிட்டத்தட்ட நிற்கிறது. 240-ல் நாலைந்து ஃபிரேம்கள் ஒரே மாதிரி தெரியும், எது உச்சி என்று சொல்ல முடியாது. சிறகு கீழே வரும்போது உடம்பின் மட்டத்தைக் கடக்கும் கணம்தான் சரியான குறி. அப்போது சிறகு மிக வேகமாக நகர்வதால் ஒரு ஃபிரேமில் உடம்புக்கு மேலே இருக்கும், அடுத்ததில் கீழே போயிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் அந்த இடத்தில் சிறகு மெல்லிய கோடாகிவிடும்.

அப்படிக் குறித்த ஃபிரேம் எண்கள் இவை: 41, 96, 154, 209, 267, 322, 380, 436, 492.

ஒன்பது குறிகள் இருக்கின்றன, ஆனால் அடிகள் எட்டுதான். முதல் குறி பூஜ்யம். வேலிக்கு ஒன்பது கல் நட்டால் நடுவில் எட்டு இடைவெளிதானே இருக்கும், அதே கணக்கு. இந்த ஒரு இடத்தில் தவறிய பிள்ளைகளின் விடை பன்னிரண்டு சதவீதம் கூடிப்போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மொத்த ஃபிரேம்கள் 492 − 41 = 451. சிறகடிப்பு 240 × 8 ÷ 451 = 4.26. முன்னே பின்னே ஒரு ஃபிரேம் தவறியிருந்தாலும் 4.25-க்கும் 4.27-க்கும் நடுவில்தான் இருக்கும்.

இதையே ஒரே ஒரு அடியை வைத்துச் செய்திருந்தால்? இடைவெளிகளைப் பாருங்கள்: 55, 58, 55, 58, 55, 58, 56, 56. முதல் அடியை மட்டும் எடுத்தால் 4.36, இரண்டாவதை மட்டும் எடுத்தால் 4.14. இந்த ஏற்ற இறக்கத்தில் நம் கண்ணின் தவறும் உண்டு, கொக்கு உண்மையிலேயே ஒரு அடியைக் கொஞ்சம் நீட்டியதும் உண்டு. ஒரு அடியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எட்டு அடியில் இரண்டும் சமப்பட்டுவிடுகின்றன.

240-ன் மறைமுகச் செலவு வெளிச்சம். நஞ்சராயன் குளத்தில் மாலை ஆறு மணிக்குமேல் இதே போனில் எடுத்ததில் படம் புள்ளி புள்ளியாகிவிட்டது. சில போன்கள் இதைவிடக் கெட்ட வேலை செய்யும்: வெளிச்சம் குறைந்ததும் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்து, ஒரே படத்தை இரண்டு முறை கோப்பில் போட்டு 240 என்று கணக்குக் காட்டும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும்போது ஒன்று விட்டு ஒன்று பறவை அசையாமல் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்த வீடியோவில் கிடைக்கும் விடை தவறாகிவிடாது, ஆனால் உண்மையில் உங்களிடம் இருப்பது 120 என்று எடுத்துக்கொண்டு பிழையை மதிப்பிட வேண்டும்.

## 60: குறைவாக மதிக்கப்படும் தேர்வு

அதே கொக்கை 60-ல் எடுத்திருந்தால் எட்டு அடிக்கு ஏறத்தாழ 113 ஃபிரேம் வரும். 60 × 8 ÷ 113 = 4.25. ஒரு ஃபிரேம் தவறினால் 4.21-லிருந்து 4.29 வரை. பள்ளி வேலைக்கு இது தாராளமாகப் போதும். காகத்தைவிடக் கொக்கு வேகமாக அடிக்கிறதா என்று பார்க்கவும், ஒரே கொக்கு எழும்பும்போதும் சமமாகப் பறக்கும்போதும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கவும் இந்தத் துல்லியம் போதும்.

60-ன் பலம் நேரம்தான். பறவை குளத்தின் ஒரு கரையில் இருந்து மறுகரை போகும்வரை விடாமல் எடுக்கலாம், இருபது முப்பது அடி கிடைக்கும். படமும் பெரிதாக, தெளிவாக இருக்கும். நாரை, கொக்கு, நீர்க்காகம், காகம், சிறகடிக்கும்போது பருந்து என்று நம் குளக்கரைகளில் கண்ணில் படும் பெரிய பறவைகளுக்கு நான் 60-ஐத்தான் முதலில் சொல்வேன். மாடப்புறா எழும்பும்போது ஒரு அடிக்கு ஆறேழு ஃபிரேம்தான் கிடைக்கும், அங்கே 60 அதன் எல்லையைத் தொட்டுவிடும்.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை முருங்கை மரம் காட்டிக்கொடுத்தது. முருங்கைப் பூவின் முன்னால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஓரிரு வினாடி காற்றில் நின்றபடி தேன் குடிக்கும். தெரிந்த ஒருவர் அதைச் சாதாரண வீடியோவாக, வினாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்து அனுப்பினார். உச்சி வெயில், ஒவ்வொரு படமும் கத்தி மாதிரி தெளிவு. அதில் சிறகு நிதானமாக மேலும் கீழும் போகிறது. அவர் ஏழு ஃபிரேமுக்கு ஒரு அடி என்று எண்ணி, 30 ÷ 7 = 4.3 என்று எழுதியிருந்தார். உண்ணிக்கொக்கின் வேகம்! ஏழெட்டுக் கிராம் எடையுள்ள குருவி அந்த வேகத்தில் அடித்துக்கொண்டு காற்றில் நிற்கவே முடியாது.

நடந்தது இதுதான். தேன்சிட்டு உண்மையில் வினாடிக்கு 34.3 முறை அடித்தது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் சிறகு ஒரு முழு அடியை முடித்து, அடுத்த அடியிலும் கொஞ்சம் போய்விட்டது. அந்தக் கொஞ்சம் மட்டும்தான் படத்தில் தெரிகிறது. 34.3-ல் 30 போக மீதி 4.3. ஓடும் வண்டியின் சக்கரம் வீடியோவில் மெதுவாகச் சுற்றுவதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். 60-ல் எடுத்திருந்தால் வேறொரு பொய் கிடைத்திருக்கும்: 60-ல் 34.3 போக 25.7.

பொய்யைப் பிடிக்க எளிய வழி, அதே பறவையை வேறு வேகத்தில் இன்னொரு முறை எடுப்பது. உண்மையான விடை இரண்டிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பொய் விடை கேமராவின் வேகத்தோடு சேர்ந்து தாவும்.

## 960: எங்கே உதவும், எங்கே உதவாது

பல போன்களில் 960 என்பது ஒரு சின்ன வெடிப்பு மாதிரி. பொத்தானை அழுத்தியதும் 0.2 வினாடி மட்டும் பதிவாகும், அதில் 192 ஃபிரேம். மெதுவாக ஓட்டினால் ஆறு வினாடிக்குமேல் ஓடுவதால் நிறைய எடுத்துவிட்டதாகத் தோன்றும். நம் உண்ணிக்கொக்கு ஒரு அடிக்கு எடுத்துக்கொண்ட நேரம் 0.235 வினாடி. அதாவது ஒரு முழு அடிகூட அதற்குள் அடங்காது. 0.4 வினாடி எடுக்கும் போனாக இருந்தாலும் ஒரு அடிதான் முழுதாகக் கிடைக்கும், அந்த ஒரு அடி 55-ஆ 58-ஆ என்ற சிக்கலும் அப்படியே இருக்கும்.

தேன்சிட்டுக்கு நிலைமை வேறு. அதே 0.2 வினாடியில் ஆறு முழு அடி கிடைக்கும். 168 ஃபிரேம், 960 × 6 ÷ 168 = 34.3. நல்ல விடைதான். இப்போது அதே பறவையை 240-ல் பாருங்கள்: 0.6 வினாடி நேரத்தில் இருபது அடி, 140 ஃபிரேம், 240 × 20 ÷ 140 = 34.3. எண்ணிய ஃபிரேம்கள் கிட்டத்தட்ட சமம், ஆகவே துல்லியமும் சமம். 960 கூடுதலாகக் கொடுப்பது ஒன்றே ஒன்று: சிறகு எப்படி முறுக்கிக்கொள்கிறது, கீழே போகும் நேரம் அதிகமா மேலே வரும் நேரம் அதிகமா என்ற உருவம். அது வேண்டுமென்றால் 960 எடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் 240-ஐ விட்டு நகர வேண்டாம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 960 என்று போட்டிருக்கும் பல போன்களில் கேமரா 240-லோ 480-லோ எடுத்து, நடுவில் வர வேண்டிய படங்களை மென்பொருள் தானே வரைந்து நிரப்புகிறது. சிறகு நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். சில ஃபிரேம்களில் இறகுகள் தனித்தனியாக இருக்கும், நடுவில் வரும் ஃபிரேம்களில் நுனி கரைந்திருக்கும், அல்லது ஒரே சிறகு மங்கலாக இரண்டு இடத்தில் தெரியும். அந்த நடு ஃபிரேம்களில் சிறகின் உருவத்தைப் படிக்கக் கூடாது, அது பறவை காட்டிய உருவம் இல்லை.

## எந்தத் தேர்வானாலும்: பதிவு வேகத்தைச் சோதிப்பது

ஸ்லோ மோஷன் கோப்புகள் இரண்டு விதமாக வரும். ஒன்றில் ஃபிரேம்கள் உண்மையான நேரத்தோடு இருக்கும். இன்னொன்றில் 240-ல் எடுத்ததை 30-ஆக நீட்டி எழுதியிருக்கும். சில போன்கள் தொடக்கமும் முடிவும் சாதாரண வேகம், நடுவில் மட்டும் மெதுவாக என்று கலந்து வைக்கும். ffmpeg நிறுவிய கணினியில் இந்தக் கட்டளை ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் வரிசையாகக் காட்டும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries frame=pts_time -of csv=p=0 video.mp4
```

அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 0.0042 என்று வந்தால் 240-ன் உண்மை நேரம். 0.0333 என்று வந்தால் நீட்டியது. நடுவில் மாறினால் கலந்தது, சீராக இருக்கும் பகுதிக்குள் மட்டும் எண்ணுங்கள். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த `mpv` என்ற வீடியோ பிளேயர் வசதியானது: முன்னே போக `.` பின்னே வர `,`.

நீட்டிய கோப்பாக இருந்தால் எத்தனை மடங்கு நீட்டியது என்று கட்டளை சொல்லாது. அங்கேதான் ஆபத்து. 240-ல் எடுத்ததை 120 என்று நினைத்துவிட்டால் உண்ணிக்கொக்குக்கு 2.13 என்று வரும். 0.5 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், 2.13 என்றால் பெரிய நாரையின் வேகம் போலத் தோன்றி அப்படியே நோட்டில் ஏறிவிடும்.

இதற்கு ஒரு கூழாங்கல் போதும். சுவரில் தரையில் இருந்து 122.5 சென்டிமீட்டரில் கோடு போடுங்கள். அந்த உயரத்தில் இருந்து கைவிட்ட கல் தரையைத் தொட மிகச் சரியாக அரை வினாடி ஆகும். பறவைக்கு வைத்த அதே அமைப்பில் அதை எடுத்து, கல் விடுபட்டதில் இருந்து தரை தொடும் வரை ஃபிரேம்களை எண்ணுங்கள். 120 வந்தால் கேமரா உண்மையாகவே 240. 60 வந்தால் 120. கல் விடுபடும் கணம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, முதல் ஐந்து ஃபிரேமில் அது இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். அதனால் 116, 118 என்றெல்லாம் வந்தால் கவலைப்பட வேண்டாம். இந்தச் சோதனை இரண்டு மடங்கு தவறைப் பிடிப்பதற்கு. நடுப் படங்களை மென்பொருள் வரைந்திருக்கிறதா என்று இது சொல்லாது, வரைந்த படங்களும் நேரத்துக்குச் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

## எதை எண்ணக் கூடாது

கோபி ஆசிரியருக்கு நான் சொன்னது: கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் 60-ல், ஒவ்வொன்றுக்கும் எட்டு அடிக்குக் குறையாமல். பள்ளி வளாகத்துப் புறாவும் முருங்கை மரத்துத் தேன்சிட்டும் காலை வெயிலில் 240-ல். கிளம்புமுன் பள்ளிச் சுவரில் கல் சோதனை. 960-ஐத் தேன்சிட்டின் சிறகு உருவம் பார்க்க மட்டும்.

அவர் திரும்பி வந்து கேட்டது சில்லையைப் பற்றி. சோளக் காட்டில் எடுத்த புள்ளிச் சில்லைக்கு ஒரு பிள்ளை 15 என்றும் இன்னொரு பிள்ளை 20 என்றும் சொன்னார்களாம், வீடியோ ஒன்றே. இருவரும் சரியாகத்தான் எண்ணியிருந்தார்கள். சில்லை மாதிரிச் சின்னக் குருவிகள் விடாமல் சிறகடிப்பதில்லை. ஏழெட்டு அடி அடித்து, சிறகை உடம்போடு மடக்கி அம்பு மாதிரிக் கொஞ்ச தூரம் போய், மறுபடி அடிக்கும். அந்த 240 வீடியோவில் எட்டு அடிக்கு 96 ஃபிரேம், அடுத்து மடக்கிய நிலையில் 30 ஃபிரேம். அடிக்கும் பகுதியை மட்டும் எண்ணினால் 240 × 8 ÷ 96 = 20. மடக்கியதையும் சேர்த்து 126 ஃபிரேமுக்குப் பார்த்தால் 15.2. சிறகடிப்பு வேகம் என்று எழுத வேண்டியது 20-ஐத்தான், பக்கத்தில் நாலில் ஒரு பங்கு நேரம் சிறகை மடக்கியிருந்தது என்றும் குறித்துக்கொள்ளலாம். காகமும் கொக்கும் நடுவில் சிறகை விரித்தபடி மிதந்தால் அந்த ஃபிரேம்களையும் இதேபோல விட்டுவிட்டு, மிதப்புக்கு முன்னால் உள்ள தொடரில் மட்டும் எண்ண வேண்டும்.